கிடங்கில் நனைந்த மோட்டாருக்கு வாரண்டி உண்டா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

டீயும் வடையும் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. "நீங்க பேங்க்ல இருந்தவுக, லெட்டர் எழுதுற விஷயத்தைக் கொஞ்சம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லெட்டர் என்றால் எல்லா லெட்டரும் இல்லை. ஒரே ஒரு வகை. நாம் பணம் கொடுத்து வாங்கிய பொருள், நம் இடத்தில் வைத்திருந்தபோது, விற்றவர் மேல் ஒரு குற்றமும் இல்லாமல் கெட்டுப்போகிறது. அதை விற்றவருக்கு எப்படித் தெரிவிப்பது, வாரண்டி இன்னும் செல்லுமா என்று எப்படிக் கேட்பது. இதுதான் விஷயம்.

ஐப்பசி நெருங்குகிறது. நம் ஸ்டோர் ரூமில் இப்போதும் பிரிக்காத பெட்டிகள் நாலைந்து இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பேச்சு.

2023 டிசம்பரில் இங்கே இருந்தவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. பிறகு குடிவந்தவர்களுக்காக இரண்டு வரி. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணியில் அணைத் தண்ணீரும் காட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்து வந்தன. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றித் தண்ணீர் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. நம் குடியிருப்பில் கார் நிறுத்தும் தளத்தில் 2 அடி 4 அங்குலம் தண்ணீர் ஏறி, இரண்டு நாள் நின்று, புதன்கிழமைதான் வடிந்தது. வீடுகள் தப்பித்தன. படிக்கட்டை ஒட்டிய ஸ்டோர் ரூம் தப்பவில்லை.

அந்த அறையில் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து இறங்கிய சாமான் இருந்தது. போர்வெல்லுக்காக வாங்கிய 5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஒரு பெட்டி, அதன் பம்ப் பாகம் ஒரு பெட்டி, கண்ட்ரோல் பேனல் ஒரு பெட்டி. பழைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் தை பிறந்து இறக்கலாம் என்று கமிட்டி வைத்திருந்தது. மொத்த பில் 52,400 ரூபாய். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அட்டைப்பெட்டிகள் ஊறி வாய்பிளந்து கிடந்தன. பேனலுக்குள் வண்டல்.

அன்று கமிட்டியில் மூன்று கருத்து எழுந்தது. மூன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் எந்த அபார்ட்மென்டில் எந்தப் பொருள் நனைந்தாலும் இந்த மூன்றும்தான் எழும்.

முதல் கருத்து: "வெள்ளத்தைப் பத்தி மூச்சு விடாதீங்க. வெயில்ல காயவச்சு, துடைச்சு, மாட்டுவோம். ஓடலன்னா, புது மோட்டார் ஓடலன்னு கம்பெனிக்காரன்கிட்ட கேப்போம்." சொன்னவர் கெட்டவர் இல்லை. சங்கத்துப் பணம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல்.

ஆனால் இது நடக்காது. நனைந்த பேனலைச் சர்வீஸ் ஆள் திறந்த உடனே தெரிந்துவிடும். கான்டாக்டரின் உள்மடிப்பில், திருகுகளுக்குக் கீழே, ஒயர் செருகும் இடத்தில் நம் ஆற்றின் வண்டல் மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றதோ அந்த மட்டத்தில் அந்தக் கோடு இருக்கும். செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். துடைத்து எடுக்கிற காரியமில்லை அது. இரண்டாவது, வாரண்டி கேட்கும் படிவத்தில் பொருள் எங்கே எப்படி வைக்கப்பட்டது, என்ன ஆனது என்று ஒரு பத்தி இருக்கும். அதில் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் வேறு பக்கம் போய்விடும். தெரிந்த உண்மையை ஏமாற்றும் எண்ணத்தோடு வேண்டுமென்றே மறைப்பதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மோசடி என்றே சொல்கிறது. பேனலுக்காக மறைத்தால், கெடாத மோட்டாருக்கும் நம் வார்த்தையை யாரும் நம்பமாட்டார்கள். 9,000 ரூபாய் பொருளுக்காக 43,000 ரூபாய் பொருளின் வாரண்டியைப் பணயம் வைப்பதாக ஆகும். கையெழுத்துப் போடுகிறவர் தலைவர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், ஈரம் முழுதாகப் போகாத பேனலில் 415 வோல்ட்டைக் கொடுப்பது. அது வாரண்டி பற்றிய பேச்சே இல்லை, ஆள் உயிர் பற்றிய பேச்சு.

இரண்டாவது கருத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். "தண்ணிக்குள்ள இறக்குற மோட்டார்தான அண்ணாச்சி, தண்ணி பட்டா என்ன ஆயிரும்?" சிரித்தாலும் அதில் பாதி நியாயம் உண்டு. நீர்மூழ்கி மோட்டாரில் பெரும்பாலானவை உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டும் வகை. சுருள் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். ஆகவே முங்கியதாலேயே மோட்டார் செத்துவிடாது. கெடுதல் வேறு இரண்டு வழியில் வரும். மோட்டாரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கேபிளின் வெட்டுமுனை திறந்தே இருக்கும். போர்வெல்லில் இறக்கும்போது அதை இணைத்து, டேப் சுற்றி, தண்ணீர் புகாமல் மூடுவார்கள். பெட்டியில் இருக்கும்போது மூடி இராது. வெள்ளத்தில் கிடந்தால் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த முனை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று வண்டல். பம்ப் பாகத்தின் விசிறிகளுக்கு இடையிலும் புஷ்களிலும் மண் புகுந்து காய்ந்துவிட்டால், ஓட்டின முதல் நாளே உரசித் தேயும்.

ஆக ஒரே பில்லில் வந்த மூன்று பொருளுக்கு மூன்று நிலைமை. பேனல் போனது போனதுதான். பம்ப் பாகத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும். மோட்டார் அநேகமாக நன்றாக இருக்கும், சோதித்தால்தான் தெரியும். இந்தப் பிரிவினைதான் லெட்டரின் உயிர். 'வெள்ளத்தில் எல்லாம் போச்சு' என்று ஒரே வரியில் எழுதினால் பதிலும் ஒரே வரியில் வரும்: வாரண்டி பொருந்தாது.

இது எனக்கு வங்கியில் படித்த பாடம். 1992 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சரக்கை ஈடுகாட்டிக் கடன் வாங்கியிருந்த கடைக்காரர்கள் எழுதிய கடிதங்களை வரவுப் பதிவேட்டில் ஏற்றும் வேலை என்னிடம் இருந்தது. சிலர் கண்ணீரும் கம்பலையுமாக இரண்டு பக்கம் எழுதுவார்கள், எத்தனை மூட்டை என்று மட்டும் இருக்காது. சிலர் நாலே வரி எழுதுவார்கள். இத்தனை மூட்டை முழுக்க நனைந்தது, இத்தனை மூட்டை அடிவரிசை மட்டும், இத்தனை மூட்டைக்கு ஒன்றுமில்லை, எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்று. மேனேஜர் முதலில் கையில் எடுப்பது நாலு வரிக் கடிதத்தைத்தான்.

மூன்றாவது கருத்து: "நம்ம இடத்துல நனைஞ்சதுக்கு அவன் என்ன செய்வான்? லெட்டரே எதுக்கு?" சட்டப்படி பார்த்தால் முதல் பாதி சரி. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரை, பொருளின் உரிமை யாரிடம் போகிறதோ நஷ்டப் பொறுப்பும் அவரிடமே போகும் என்கிறது. நாம் பணம் கட்டி, 'நல்ல நிலையில் பெற்றோம்' என்று சலானில் கையெழுத்துப் போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் நம் அறையில் வைத்திருந்த பொருள். வெள்ளத்தின் நஷ்டம் நம்முடையது. இதில் கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் வாரண்டி என்பது நஷ்டஈடு இல்லை. பொருளைச் செய்தபோது ஏற்பட்ட குறைக்குச் செய்தவர் கொடுக்கும் வாக்கு அது. நம் அறையில் தண்ணீர் புகுந்ததால், தொழிற்சாலையில் ஒரு பேரிங் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தால் அது சரியாகிவிடப் போவதில்லை. வெள்ளம் கெடுத்தது வேறு, பிறவிக்குறை வேறு. முதலாவதற்கு நாம் பொறுப்பு, இரண்டாவதற்கு அவர்கள் பொறுப்பு. சிக்கல் என்னவென்றால், பிற்பாடு ஒரு கோளாறு வரும்போது அது இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். அப்போது சந்தேகத்தின் பலன் நமக்குக் கிடைக்காது. அதனால்தான் இப்போதே, ஓட்டுவதற்கு முன்னாலேயே, எது எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்கள் ஆளே பார்த்து எழுதித் தரும்படி செய்ய வேண்டும். லெட்டர் அதற்குத்தான்.

லெட்டர் எழுதும் முன் வாரண்டி அட்டையை வாசித்தோம். பொடி எழுத்து, எனக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. நம் அட்டையில் மூன்று சங்கதி கவனிக்க வேண்டியவை. ஒன்று, காலம்: பொருத்திய நாளிலிருந்து 12 மாதம், அல்லது தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இதில் எது முந்தியோ அது. பம்ப் செட்டுகளுக்கு இப்படித்தான் எழுதுவது வழக்கம். இதன் அர்த்தம், பொருள் நம் அறையில் தூங்கினாலும் வாரண்டி தூங்காது, 18 மாதக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, விலக்கு: இயற்கைச் சீற்றம், முறையற்ற சேமிப்பு, அங்கீகாரம் இல்லாதவர் பிரித்தது. மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. பேனலைச் செய்த கம்பெனி வேறு. பெட்டிக்குள் அவர்களுடைய அட்டை தனியாக இருந்தது. கடைக்காரர் ஒருவர், பில் ஒன்று, வாக்குக் கொடுத்தவர்கள் இருவர். ஆகவே லெட்டர் கடைக்காரருக்கு, நகல் இரண்டு கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுக்கும்.

'முறையற்ற சேமிப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் கமிட்டியில் ஒருவர், 'எங்கள் கவனக்குறைவால்' என்று எழுதிப் பணிவாகக் கேட்போம் என்றார். இன்னொருவர், 'கடவுளின் செயலால், எங்கள் மேல் துளியும் தவறில்லை' என்று எழுதச் சொன்னார். நான் இரண்டையும் வேண்டாம் என்றேன். முதலாவது அவர்களுடைய விலக்கை நாமே பூர்த்தி செய்து கொடுப்பது. பின்னால் இன்சூரன்ஸ் சர்வேயர் கையிலும் அதே லெட்டர் போகும். இரண்டாவதால் ஒரு பயனும் இல்லை, இயற்கைச் சீற்றமும் விலக்கில்தான் இருக்கிறது. எங்கே வைத்தோம், எதன் மேல் வைத்தோம், தண்ணீர் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் நின்றது. இவற்றை எழுதினால் போதும். பெயரடை வேண்டாம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

படங்களும் எடுத்தோம். சுவரில் படிந்த வண்டல் கோட்டோடு டேப்பை நிறுத்தி ஒரு படம். பெட்டிகள் கிடந்த கிடையிலேயே ஒரு படம். மோட்டார், பம்ப், பேனல் மூன்றின் பெயர்த்தகட்டிலும் உள்ள வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு படம். வரிசை எண் இல்லாத படம் யார் வீட்டு மோட்டாருக்கும் பொருந்தும், அதனால் நமக்கு உதவாது.

லெட்டர் இதோ. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுப் படிக்கிறேன். தேதி 2023 டிசம்பர் 22.

"ஐயா, உங்களிடம் 2023 நவம்பர் 7-ஆம் தேதி பில்லில் வாங்கிய 5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார், பம்ப், கண்ட்ரோல் பேனல் ஆகியவற்றை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம். அவற்றைப் பிரிக்காமல், எங்கள் தரைத்தள ஸ்டோர் ரூமில் அரை அடி உயர மரப்பலகையின் மேல் வைத்திருந்தோம். டிசம்பர் 18 முதல் 20 வரை அந்த அறையில் வெள்ள நீர் 2 அடி 4 அங்குலம் நின்றது. மூன்று பெட்டிகளும் நனைந்தன. இது பொருள்கள் எங்கள் வசம் இருந்தபோது நேர்ந்தது. அனுப்பியதிலோ கொண்டுவந்து இறக்கியதிலோ நேர்ந்ததாக நாங்கள் சொல்லவில்லை.

பேனலுக்குள் வண்டல் தெரிகிறது. பம்பின் உறிஞ்சு துளைகளில் மண் இருக்கிறது. மோட்டாரின் வெளிப்புறத்தில் சேதம் தெரியவில்லை, அதன் கேபிள் முனைகள் நீரில் இருந்தன. மூன்றில் எதற்கும் இதுவரை மின்சாரம் கொடுக்கவில்லை. எதையும் கழற்றவில்லை. உங்கள் பதில் வரும்வரை கழற்றவும் மாட்டோம்.

நாங்கள் அறிய வேண்டியவை: பேனலுக்கு வாரண்டியின் எந்தப் பகுதியாவது பொருந்துமா, பொருந்தாது என்றால் அதை எழுத்தில் தர முடியுமா? மோட்டாரையும் பம்பையும் உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் எங்கள் செலவில் சோதித்து, தேவையான பாகங்களை மாற்றினால், உற்பத்திக் குறைகளுக்கான மீதி வாரண்டி தொடருமா? தொடரும் என்றால் எந்தத் தேதி வரை? சோதனைக்கான கட்டணமும் கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவும் யாருடையவை? சோதனை முடிவின் நகல் எங்களுக்குக் கிடைக்குமா? 2024 ஜனவரி 8-க்குள் பதில் தந்தால் பொங்கலுக்குப் பிறகு பொருத்தும் வேலையைத் திட்டமிட உதவியாக இருக்கும். படங்களும் பில், சலான், வாரண்டி அட்டைகளின் நகல்களும் இணைத்துள்ளோம்."

அவ்வளவுதான். ஸ்பீட் போஸ்டில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று. அதைப் படித்துப் பார்த்த ஒருவர், "என்ன சார், கெஞ்சவும் இல்ல, மிரட்டவும் இல்ல, சப்புன்னு இருக்கு" என்றார். சப்பென்று இருப்பதுதான் நல்லது என்பேன். 'வாரண்டி உண்டா இல்லையா' என்று மொத்தமாகக் கேட்டால் மேஜையில் இருப்பவருக்கு 'இல்லை' என்று சொல்வது சுலபம். 'நாங்கள் செலவு செய்து சோதித்தால் மீதி தொடருமா' என்று கேட்டால் அவர் மேலதிகாரியிடம் போய்த்தான் ஆக வேண்டும். 'எழுத்தில் தர முடியுமா' என்று பேனலுக்குக் கேட்டதற்கும் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் நாளே கடைக்காரர் போன் பண்ணினார். "அண்ணாச்சி, எங்க கடையிலயும் தண்ணி. நானே அம்பது மோட்டார வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க வேற லெட்டர் போடுதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான். "நீங்க ஒண்ணும் தர வேண்டாம் தம்பி, கம்பெனிக்கு அனுப்பி வைங்க, அது போதும்" என்றேன். அனுப்பினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பதில் ஜனவரி 4-ஆம் தேதியிட்டு வந்தது. பேனல் கம்பெனி: நீரில் மூழ்கியதால் வாரண்டி பொருந்தாது. எதிர்பார்த்ததுதான். மோட்டார் கம்பெனி: மின்சாரம் கொடுக்கப்படாததாலும் பிரிக்கப்படாததாலும் இங்குள்ள சர்வீஸ் மையத்தில் சோதித்துக்கொள்ளலாம், செலவு வாங்கியவருடையது, சோதனையில் தேறினால் மீதி வாரண்டி தொடரும், காலம் நீட்டிக்கப்படாது, வெள்ளத்தால் நேர்ந்ததாகத் தெரியவரும் கோளாறுகளுக்குப் பொருந்தாது.

சோதனைக்கு நானும் போனேன். மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து, சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே மின்காப்பு எவ்வளவு என்று அளக்கிறார்கள். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் ஓட்டக்கூடாது என்பது பொதுவான அளவு. முதல் அளவு 0.6 காட்டியது. கூட வந்த கமிட்டி உறுப்பினர் முகம் தொங்கிப்போனது. சர்வீஸ் பையன் அலட்டிக்கொள்ளவில்லை. கேபிள் முனையில் ஒன்றரை அடி வெட்டி எறிந்தார், புதுமுனையைத் துடைத்துக் காயவைத்தார், மறுபடி அளந்தார். 60-க்கு மேல் காட்டியது. ஊறியது கேபிள் முனைதான், சுருள் இல்லை. வீட்டில் வைத்து நம் எலக்ட்ரீஷியன் அளந்து 0.6 பார்த்திருந்தால், சுருள் போய்விட்டது என்று மோட்டாரைப் பிரித்திருப்பார். அத்தோடு வாரண்டியும் போயிருக்கும்.

பம்பைப் பிரித்துக் கழுவி ஒரு புஷ் மாற்றினார்கள். மோட்டாரின் அடியில் உள்ள த்ரஸ்ட் பேரிங்கை, அதாவது பம்பின் பளுவைத் தாங்கும் பகுதியை, பார்த்து வண்டல் இல்லை என்று தாளில் எழுதச் சொன்னேன். எழுதி முத்திரை வைத்தார்கள். எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். புதுப் பேனல் 9,200. ஜனவரி 29-ஆம் தேதி மோட்டார் போர்வெல்லில் இறங்கியது.

இப்போது பேனலுக்கு எழுத்தில் கேட்ட காரணம். நம் சங்கத்தின் தீ விபத்துப் பாலிசியில் புயல், வெள்ளமும் சேர்ந்திருந்தது. சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி, 'வாரண்டியில் மாற்றித் தருவார்களா?' என்பதுதான். தரமாட்டார்கள் என்பதற்குத் தாள் வேண்டும். தாள் இருந்தது. ஆனால் இயற்கைச் சீற்ற நஷ்டத்தில் முதல் 10,000 ரூபாயை நாமே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் இருந்தது. பேனல் 9,200. கிடைத்தது பூஜ்யம். 800 ரூபாய் வித்தியாசத்தில் ஒன்றுமில்லாமல் போனது என்று பொருளாளர் இன்றைக்கும் புலம்புவார், 800 கூடியிருந்தால் கிடைப்பது ஒரு ரூபாய் கூட இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியும் கேட்கமாட்டார்.

கதை அங்கே முடியவில்லை. 2024 செப்டம்பரில் மோட்டார் அடிக்கடி நின்றது. வழக்கமாக 7 ஆம்பியர் சுமாருக்கு ஓடியது 9-க்கு ஏறி, ஓவர்லோட் ரிலே வெட்டிவிட்டது. மேலே எடுத்துப் பார்த்தால் த்ரஸ்ட் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. சர்வீஸ் மையத்தில் அப்போது வேறு ஆள். கணினியில் பார்த்துவிட்டு, "இது வெள்ளத்துல கெடந்த மோட்டார் சார், வாரண்டி வராது" என்றார். நாம் ஃபைலைத் திறந்து மூன்று தாள் காட்டினோம். நம் டிசம்பர் லெட்டர், மீதி வாரண்டி தொடரும் என்ற ஜனவரி பதில், த்ரஸ்ட் பேரிங்கில் வண்டல் இல்லை என்று அவர்களுடைய முத்திரையோடு இருந்த சோதனைத் தாள். பொருத்தி எட்டாவது மாதம், 12 மாதக் காலத்துக்குள். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், அரைமணி கழித்து வந்தார். பேரிங் செட் இலவசமாக மாற்றித் தந்தார்கள். கிரேன் வைத்து மோட்டாரைத் தூக்கி இறக்கிய கூலி மட்டும் நம் செலவு, அது எந்த வாரண்டியிலும் வராது.

அவர்கள் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று போனமுறை ஒரு அம்மா கேட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருப்போம், அதற்கும் மேலே நெல்லையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். குறை இருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும் என்றால் ஆணையமே பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அங்கேயும் முதல் கேள்வி, இடையில் யார் கழற்றினார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

இப்போது ஸ்டோர் ரூமில் இருப்பவை: லிஃப்ட்டுக்கான பேட்டரி இரண்டு, கேமரா ரெக்கார்டர் ஒன்று, மாடி விளக்குகள் ஒரு பெட்டி. ஒவ்வொன்றின் வரிசை எண்ணும், அனுப்பிய தேதியும், வாரண்டி முடியும் தேதியும் ஒரு நோட்டில் எழுதி வாட்ச்மேன் அறையில் தொங்கவிட்டிருக்கிறோம். பெட்டிகளை முதல் மாடி மீட்டிங் ஹாலுக்கு மாற்றச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹாலில் கேரம் ஆடும் பிள்ளைகள்தான் கொஞ்சம் இடம் விட வேண்டும். லெட்டரின் நகல் சங்க அலுவலகத்தில் பச்சை ஃபைலில் இருக்கிறது. வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், ஃபைலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.